வீட்டுக்கு ஒரு போன் இருக்கும் ஊரில் குழந்தைகளுக்கான செயலி

கேள்வி: தங்கச்சிமடத்தில் சாயங்காலம் ஐம்பது பிள்ளைகளுக்கு இலவசமாகப் பாடம் சொல்லிக்கொடுக்கிறோம். ஆறு வயதிலிருந்து பன்னிரண்டு வயது வரை உள்ளவர்கள் தமிழ் வாசித்துப் பழக ஒரு ஆண்ட்ராய்டு செயலி செய்துகொண்டிருக்கிறோம், அண்ணே. அப்பா அம்மா நம்பருக்கு ஓடிபி அனுப்பினால் சம்மதம் வாங்கிய மாதிரி ஆகுமா? செலவுக்கு விளம்பரம் போடலாமா? பிளே ஸ்டோரில் எல்லோருக்கும் கிடைக்கிற மாதிரி வெளியிட ஆசை.

ஓடிபி மட்டும் போதாது. விளம்பரத்தை விளம்பர நிறுவனங்களின் மென்பொருள் வழியாகப் போடாதீர்கள். இந்த இரண்டுக்கும் முன்னால் தீர்மானிக்க வேண்டியது ஒன்று இருக்கிறது: பிள்ளையைப் பற்றிய தகவல் எதுவும் உங்கள் கைக்கு வரத்தான் வேண்டுமா? அதற்குப் பதில் கிடைத்தால் மற்ற பாதி வேலை தானாகக் குறைந்துவிடும்.

ஓடிபி ஏன் போதாது என்று பாம்பனில் ஒரு வீட்டில் என் கண் முன்னாலேயே பார்த்தேன். நாங்கள் செய்த ஒரு கணக்கு விளையாட்டை நான்காம் வகுப்புப் பிள்ளை ஒருத்தியிடம் கொடுத்தோம். அம்மா கொல்லைப் பக்கம் மீன் ஆய்ந்துகொண்டிருந்தார். அப்பா கடலுக்குப் போயிருந்தார். கடலுக்குப் போகும்போது அவர் பட்டன் போனைத்தான் எடுத்துப் போவார், தொடுதிரை போன் வீட்டில் இருக்கும். சிம் அப்பா பெயரில். செயலி "அப்பா அல்லது அம்மா நம்பர்" என்று கேட்டது. பிள்ளை பத்து எண்ணையும் மனப்பாடமாகத் தட்டினாள். ஓடிபி அதே திரையின் மேல் பக்கத்தில் வந்து இறங்கியது, பார்த்து அடித்தாள். "சம்மதம் பெறப்பட்டது" என்று பச்சை டிக் விழுந்தது. எல்லாம் சேர்த்து அரை நிமிடம்கூட ஆகவில்லை. "அம்மாகிட்ட கேக்க வேணாமா?" என்றேன். "அதான் நம்பர் வந்துருச்சே மாமா" என்றாள். அவள் ஏமாற்றவில்லை. கேட்டதைச் செய்தாள். அந்த சிம் அந்த போனில் இருக்கிறது என்பதை மட்டும்தான் அந்த ஓடிபி நிரூபித்தது. போனைப் பிடித்திருக்கும் விரல் யாருடையது என்று அதற்குத் தெரியாது.

ஏழெட்டு எவ்வளவு என்று கேட்டுப் பெரியவரா என்று சோதிக்கும் திரையும் இப்படித்தான். உங்கள் ஐந்தாம் வகுப்புப் பிள்ளை அம்மாவைவிட வேகமாகப் பதில் சொல்லும். தெரியாமல் அமைப்புகள் பக்கத்துக்குள் போய்விடாமல் சின்னப் பிள்ளையைத் தடுக்க அது உதவும். சம்மதத்துக்கு உதவாது.

சட்டம் என்ன கேட்கிறது என்று பார்ப்போம். 2023-இல் வந்த டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின்படி 18 வயது முடியாத எல்லோரும் குழந்தைதான். அமெரிக்காவில் இந்த எல்லை 13. அங்கே எழுதப்பட்ட வழிகாட்டிகளைப் படித்துவிட்டு 13 என்று மனதில் வைத்துக்கொள்பவர்கள் நிறையப் பேர். இங்கே பிளஸ் டூ படிக்கும் பையனுக்கும் பெற்றோர் சம்மதம் வேண்டும். குழந்தைகள் பற்றிய பிரிவு 9. குழந்தையின் தனிப்பட்ட தரவைக் கையாளும் முன் பெற்றோரின் சரிபார்க்கக்கூடிய சம்மதம் வேண்டும். குழந்தையின் நலனைக் கெடுக்கும் விதமாகத் தரவைக் கையாளக் கூடாது. குழந்தையைப் பின்தொடர்வதோ, நடத்தையைக் கண்காணிப்பதோ, குழந்தையைக் குறிவைத்து விளம்பரம் காட்டுவதோ கூடாது. கடைசியில் சொன்ன இந்த மூன்றையும் பெற்றோர் சம்மதித்தாலும் செய்ய முடியாது, இதைப் பலர் கவனிப்பதில்லை. இந்தப் பிரிவை மீறினால் 200 கோடி ரூபாய் வரை அபராதம் விதிக்கலாம். உங்களைப் போன்ற சின்ன அமைப்புக்கு அந்தத் தொகையை யாரும் போட மாட்டார்கள் என்று நினைக்கிறேன், ஆனாலும் சட்டம் உங்களுக்கும் உண்டு.

இதற்கான விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டன. சம்மதம் பற்றிய பகுதிக்கு 18 மாத அவகாசம் கொடுத்திருக்கிறார்கள், அதாவது 2027 மே வரை. இப்போது செய்யும் செயலி அதற்குள் புழக்கத்துக்கு வந்துவிடும் என்பதால் இன்றே அந்த அளவுகோலில் கட்டுங்கள். "நான்தான் அப்பா" என்று சொல்பவர் உண்மையிலேயே வயது வந்த, அடையாளம் காணக்கூடிய ஆள்தானா என்று நீங்கள் கவனத்தோடு பார்க்க வேண்டும் என்கிறது பத்தாம் விதி. அதற்கு இரண்டு வழி. உங்களிடம் ஏற்கெனவே இருக்கும் நம்பகமான அடையாள, வயது விவரத்தை வைத்துப் பார்க்கலாம். இல்லையென்றால் அவராகத் தரும் விவரத்தையோ, டிஜிலாக்கர் போன்ற அரசு ஏற்ற சேவை வழியாக வரும் டோக்கனையோ வைத்துப் பார்க்கலாம்.

டிஜிலாக்கர் காகிதத்தில் அழகாக இருக்கிறது. நம் கரையில் அது எங்கே தடுக்கி விழுகிறது என்பதைச் சொல்கிறேன். ஆதாரோடு இணைத்த நம்பருக்குத்தான் ஓடிபி வரும். பாசி எடுக்கப் போகும் அம்மாவின் ஆதாரில் இருப்பது எப்போதோ தொலைந்த சிம்மாக இருக்கும், இல்லையென்றால் கணவர் நம்பராக இருக்கும். கீழக்கரை, தொண்டிப் பக்கம் என்றால் அப்பா வளைகுடாவில் இருப்பார், அந்த இந்திய சிம் அங்கே இருக்கும். பிள்ளையோடு வீட்டில் இருப்பது பெரும்பாலும் பாட்டி. சட்டம் பெற்றோரையோ சட்டப்படியான காப்பாளரையோதான் கேட்கிறது. பாசத்தோடு வளர்க்கிற பாட்டி, சட்டப்படியான காப்பாளராக இல்லாவிட்டால், அவர் தலையாட்டியதைச் சம்மதமாக எழுதிக்கொள்ள முடியாது. பாட்டி கையில் போன் இருக்கிற வீட்டுக்கு இதுவே பெரிய முடிச்சு.

அதனால் என் யோசனை இது. முதல் பதிப்பைச் சம்மதமே தேவைப்படாத மாதிரிச் செய்யுங்கள். கணக்குத் தொடங்குவது, பெயர், வயது, பள்ளி எதையும் கேட்க வேண்டாம். கதைகளையும் படங்களையும் செயலிக்குள்ளேயே அடைத்துவிடுங்கள், புதுக் கதைகள் பிளே ஸ்டோர் அப்டேட்டாக வரட்டும். ஒரு படி மேலே போய், செயலிக்கு இணைய அனுமதியையே கொடுக்காதீர்கள். இறுதிக் கோப்பில் `android.permission.INTERNET` இல்லையென்றால், உங்கள் செயலியால் தானாக எதையும் வெளியே அனுப்ப முடியாது. "நாங்கள் எதுவும் எடுப்பதில்லை" என்று நீங்கள் எழுதுவதை யார் வேண்டுமானாலும் திறந்து பார்த்துச் சரிபார்க்கலாம். சிக்னல் விட்டு விட்டு வருகிற இடத்தில் செயலி நிற்காமல் ஓடும் என்பது கூடுதல் லாபம்.

இதில் ஒரு ஓட்டை உண்டு, அது உங்கள் செயலிக்கு நேராகப் பொருந்தும். பிள்ளை வாசிப்பதைக் கேட்டுச் சரி, தப்பு சொல்ல ஆண்ட்ராய்டின் பேச்சறியும் வசதியைப் பயன்படுத்த நினைப்பீர்கள். அது உங்கள் செயலிக்குள் நடப்பதில்லை. போனில் உள்ள வேறொரு சேவையிடம் ஒலி போகிறது, அந்தச் சேவைக்கு இணையம் உண்டு. `EXTRA_PREFER_OFFLINE` என்று கொடுத்தாலும் அது ஒரு வேண்டுகோள்தான், தமிழ் மொழித் தொகுப்பு போனில் இறங்கியிருக்காவிட்டால் அது பயன்படாது. பிள்ளையின் குரல் தனிப்பட்ட தரவு. அதனால் முதல் பதிப்பில் எளிய வழி போதும்: பிள்ளை வாசிப்பதைப் பதிவு செய்யுங்கள், பக்கத்திலேயே சரியான வாசிப்பை ஒலிக்க விடுங்கள், இரண்டையும் பிள்ளையே மாறி மாறிக் கேட்கட்டும். பதிவு ஒரே கோப்பில் இருக்கட்டும், அடுத்த முறை வாசித்தால் பழையது அழியட்டும். தன் குரலைத் தானே கேட்கும்போது 'ழ' எங்கே நழுவியது என்று பிள்ளைக்கே பிடிபடுகிறது. எங்கள் சோதனையில் பிள்ளைகள் அதிகம் திரும்பத் திரும்ப அழுத்தியது அந்த பட்டனைத்தான். அப்புறம், `android:allowBackup="false"` என்று வைத்துவிடுங்கள். இல்லையென்றால் செயலியின் கோப்புகள் அப்பாவின் கூகுள் கணக்குக்குக் காப்புப் பிரதியாகப் போகலாம்.

பிள்ளை எத்தனை கதை முடித்தது என்று ஆசிரியருக்குத் தெரிய வேண்டுமே என்பீர்கள். வார முடிவில் செயலி ஒரு சின்னச் சுருக்கம் காட்டட்டும்: "இந்த வாரம் ஐந்து கதை, கடினமான சொற்கள் இவை." பிள்ளை அதை நோட்டில் எழுதிக்கொண்டு வரட்டும். ஐம்பது பிள்ளைகளுக்கு இதுவே நடக்கும், எழுத்துப் பழக்கமும் சேர்ந்தது.

இப்போது விளம்பரம். ஒரு பேனர் போட்டவுடன் மேலே சொன்னதெல்லாம் தலைகீழாகிறது. இணைய அனுமதி திரும்ப வரும். விளம்பர நிறுவனத்தின் மென்பொருள் போனின் ஐபி முகவரியையும் கருவி விவரங்களையும் எடுக்கும். அந்த நொடியில் பிள்ளையின் தரவு கையாளப்படுகிறது, சம்மதப் பிரச்சினை வாசலுக்கு வந்துவிடுகிறது. அதோடு நம் ஊருக்கே உரிய சிக்கல் ஒன்று. போன் அப்பாவுடையது. விளம்பர அடையாள எண்ணும் அப்பாவுடையது. அவர் ராத்திரி எதைத் தேடினாரோ அதையொட்டிய விளம்பரம் காலையில் மகளின் கதைப் பக்கத்துக்குக் கீழே வந்து நிற்கும்: படகு எஞ்சின் கடன், இன்னும் பிள்ளை பார்க்கக் கூடாத பல. விளம்பர நெட்வொர்க்குக்குத் தெரிந்ததெல்லாம் அந்த போனில் நாற்பது வயது ஆண் இருக்கிறார் என்பதுதான்.

நீங்கள் சொல்லாவிட்டால் அதற்கு வேறு எப்படித் தெரியும்? சொல்வதற்கு வழி இருக்கிறது. கூகுளின் ஆட்மாப் என்றால், விளம்பரம் தொடங்கும் முன்னாலேயே இதை வைக்க வேண்டும்:

```kotlin
val config = MobileAds.getRequestConfiguration()
    .toBuilder()
    .setTagForChildDirectedTreatment(
        RequestConfiguration.TAG_FOR_CHILD_DIRECTED_TREATMENT_TRUE)
    .setMaxAdContentRating(
        RequestConfiguration.MAX_AD_CONTENT_RATING_G)
    .build()
MobileAds.setRequestConfiguration(config)
```

இதனால் ஆளைப் பார்த்து வரும் விளம்பரம் நிற்கும், எல்லா வயதினருக்கும் பொருந்துவது மட்டும் வரும். ஐபி முகவரி போவது நிற்காது. பிளே ஸ்டோரிலும் தனி நிபந்தனை உண்டு: குழந்தைகளுக்குக் காட்டும் விளம்பரத்துக்குக் கூகுளின் குடும்பக் கொள்கைக்குத் தாங்கள் உட்பட்டதாகச் சான்றளித்த மென்பொருள்களின் பட்டியலில் உள்ளதை மட்டுமே பயன்படுத்தலாம். குழந்தைகளுக்கு மட்டுமான செயலி விளம்பர அடையாள எண்ணைக் கேட்கவே கூடாது, இருப்பிடத்தையும் கேட்கக் கூடாது.

இங்கேதான் நான் ஒரு முறை மாட்டினேன். எங்கள் கணக்கு விளையாட்டில் விளம்பரமே கிடையாது. செயலி எங்கே நின்றுபோகிறது என்று பார்க்க ஒரு வெளி நூலகத்தை மட்டும் சேர்த்திருந்தோம். ஒரு நாள் அதைப் புதுப்பித்து, புதுப் பதிப்பை ஏற்றினேன். "விளம்பர அடையாள எண் பயன்படுத்தவில்லை" என்று நான் கொடுத்த அறிவிப்பும் செயலிக்குள் இருப்பதும் பொருந்தவில்லை என்று பிளே கன்சோல் நிறுத்தியது. என் மேனிஃபெஸ்ட் கோப்பைத் தலைகீழாகப் பார்த்தேன், அந்த அனுமதி அதில் இல்லை. கட்டும்போது நூலகங்களின் மேனிஃபெஸ்ட்கள் நம்முடையதோடு கலக்கும், அந்தக் கலவையில் வந்து ஒட்டிக்கொண்டிருந்தது. ஆண்ட்ராய்டு ஸ்டுடியோவில் Merged Manifest என்ற தாவலைத் திறந்தால் கலந்த பிறகு உள்ளது தெரியும். கட்டி முடித்த கோப்பையும் இப்படிச் சோதிக்கலாம்:

```
aapt dump permissions app-release.apk
```

வேண்டாததை இப்படி நீக்கலாம்:

```xml
<uses-permission
    android:name="com.google.android.gms.permission.AD_ID"
    tools:node="remove" />
```

ஒவ்வொரு வெளியீட்டுக்கு முன்னாலும் அந்தப் பட்டியலை ஒரு முறை கண்ணால் பாருங்கள். உங்கள் முதல் பதிப்பில் ஒலிப்பதிவுக்கான `RECORD_AUDIO` தவிர, நீங்கள் அறியாத எந்த அனுமதியும் அதில் இருக்கக் கூடாது.

செலவுக்கு என்ன செய்வது? முதல் பதிப்புக்கு சர்வரே இல்லை. பிளே ஸ்டோரில் பதிவு செய்ய ஒரே முறை 25 டாலர், அவ்வளவுதான். கதைக்குப் படம் வரைபவருக்குக் கொடுக்கப் பணம் வேண்டுமென்றால், ஊரிலேயே ஒரு கடைக்காரரிடமோ படகு உரிமையாளரிடமோ கேளுங்கள். "இந்தக் கதைகளுக்கு உதவியவர்" என்று ஒரு பெயர், செயலிக்குள்ளேயே அடைத்த படம், தொட்டால் எங்கும் போகாது. அது பிள்ளை கதை படிக்கும் பக்கத்தில் வேண்டாம், செயலியைப் பற்றிய பக்கத்தில் இருக்கட்டும். யாரிடம் வாங்குகிறோம் என்பதிலும் ஒரு கோடு உண்டு. தவறான விளம்பரங்களைத் தடுக்க 2022-இல் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் கொண்டுவந்த வழிகாட்டுதலின்படி, பிள்ளைகளை நேராகப் பார்த்து "வாங்கு" என்றோ, "அம்மாவை வாங்கித் தரச் சொல்" என்றோ விளம்பரம் சொல்லக் கூடாது. குழந்தைகளுக்கான நிகழ்ச்சிகளில் சிப்ஸ், சோடா வகை விளம்பரமும் கூடாது. அந்தக் கடைசி வாசகம் நிகழ்ச்சிகளையும் சேனல்களையும் பற்றியது என்றாலும், சிப்ஸ் நிறுவனத்தின் பெயரை நீங்கள் ஏற்க வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து.

ஒரு பருவம் இப்படி ஓட்டிய பிறகும் ஒவ்வொரு பிள்ளையின் முன்னேற்றமும் ஆசிரியர் திரையில் வந்தே ஆக வேண்டும் என்று தோன்றினால், அதைப் பொதுச் செயலியில் சேர்க்காதீர்கள். உங்கள் ஐம்பது பிள்ளைகளுக்கு மட்டும் தனிப் பதிப்பு செய்யுங்கள். இப்படிப் பிரிப்பதற்குக் காரணம் உண்டு. கல்வி நிறுவனம் தன்னிடம் சேர்ந்த பிள்ளைகளின் கல்விக்காகவும் பாதுகாப்புக்காகவும் கண்காணிக்கலாம் என்று விதிகளின் நான்காம் அட்டவணை விலக்கு தருகிறது. கல்வி புகட்டும் அமைப்பு என்று பரந்த பொருளில்தான் எழுதியிருக்கிறார்கள், உங்கள் மையமும் அதில் வரும் என்பது என் வாசிப்பு. பிளே ஸ்டோரில் எங்கிருந்தோ இறக்கிக்கொள்ளும் பிள்ளை உங்களிடம் சேர்ந்த பிள்ளை இல்லை. அந்தப் பிள்ளைக்கு இந்த விலக்கு கிடையாது. விளம்பரத்துக்கும் இந்த விலக்கைக் காட்ட முடியாது.

விலக்கு இருந்தாலும் நான் சம்மதம் வாங்குவேன், அதைப் போனுக்கு வெளியே வாங்குவேன். பெற்றோர் கூட்டத்துக்கு அம்மாக்கள் வருகிறார்கள், நீங்கள் அவர்களை முகம் பார்த்து அறிவீர்கள். அங்கே ஒரு பக்கத் தாள். வாக்காளர் அட்டையோ ஆதாரோ ஏதாவது ஒன்றைப் பார்த்து வயது வந்தவர் என்று உறுதி செய்யுங்கள். நகல் எடுக்காதீர்கள், எண்ணையும் எழுதாதீர்கள். எந்த அட்டை பார்த்தீர்கள், தேதி, பார்த்தவர் கையெழுத்து, இது போதும். உங்களிடம் ஏற்கெனவே உள்ள நம்பகமான விவரம் என்று பத்தாம் விதி சொல்லும் வழிக்கு உங்களால் அடையக்கூடிய மிக நெருக்கமான ஏற்பாடு இதுதான். வெளியிடும் முன் மதுரையிலோ ராமநாதபுரத்திலோ ஒரு வழக்கறிஞரிடம் அந்தத் தாளை ஒரு முறை காட்டுங்கள். பாட்டி வந்தால் தாளைக் கொடுத்தனுப்பாதீர்கள். அப்பா கரையில் இருக்கும் நாளாகப் பார்த்துக் கூப்பிடுங்கள், விசைப்படகு எந்தெந்த நாள் கடலுக்குப் போகும் என்பது ஊருக்கே தெரியும்.

கையெழுத்து ஆனதும் பிள்ளைக்கு ஒரு துண்டுச் சீட்டு: "நெத்திலி 14", "சீலா 7" என்று ஒரு பெயரும் அதோடு ஆறு எழுத்துக் குறியீடும். அதை அடித்தால்தான் முன்னேற்றம் ஆசிரியருக்குப் போகும். சர்வரில் "நெத்திலி 14" மட்டும் இருக்கும், யார் நெத்திலி என்பது மையத்தின் அலமாரியில் உள்ள நோட்டில் இருக்கும். இப்படிச் செய்ததால் தரவு அடையாளமற்றதாகிவிட்டது என்று நினைக்க வேண்டாம். நோட்டு உங்களிடம் இருக்கும்வரை அது தனிப்பட்ட தரவுதான். சர்வரை யாராவது உடைத்தால் பிள்ளைகளின் பெயர் வெளியே போகாது, அதற்காகத்தான் இந்த ஏற்பாடு.

தாளில் என்ன எழுதுவது என்பதில் நேரம் செலவழியுங்கள். எந்தத் தகவல், எதற்கு என்று ஒவ்வொன்றாகச் சொல்ல வேண்டும், சம்மதத்தை எப்படித் திரும்பப் பெறுவது, எங்கே புகார் செய்வது என்பதும் இருக்க வேண்டும். தமிழில் கேட்டால் தமிழில் கிடைக்க வேண்டும் என்று சட்டமே சொல்கிறது. திரும்பப் பெறுவது கொடுத்த அளவுக்கே சுலபமாக இருக்க வேண்டும் என்பதும் சட்டம். கூட்டத்தில் நேரில் சம்மதம் கொடுத்த அம்மாவை இணையப் படிவம் நிரப்பச் சொல்ல முடியாது. எங்கள் தாளை நான் கூட்டத்தில் சத்தமாக வாசித்துக் காட்டுவேன். அது இப்படி இருந்தது:

"உங்கள் பிள்ளை எந்தக் கணக்கைப் போட்டது, எதில் தடுமாறியது என்பது மட்டும் எங்களுக்கு வரும். அதைப் பார்த்து எதைத் திரும்பச் சொல்லிக்கொடுப்பது என்று முடிவு செய்வோம். குரல், படம், இருக்கும் இடம் எதுவும் வராது. யாருக்கும் விற்க மாட்டோம், விளம்பரம் வராது. வேண்டாம் என்று தோன்றினால் பாடம் நடக்கும் எந்த நாளிலும் டீச்சரிடம் வாயால் சொன்னால் போதும், காரணம் சொல்ல வேண்டாம். சொன்னாலும் பிள்ளை வழக்கம்போல வகுப்புக்கு வரலாம், செயலியும் வழக்கம்போல ஓடும். எங்கள் மேல் குறை இருந்தால் முதலில் எங்களிடம் சொல்லுங்கள், சரிசெய்யாவிட்டால் தரவுப் பாதுகாப்பு வாரியத்தில் புகார் செய்யலாம்."

வாசித்து முடித்ததும் ஒரு அம்மா கேட்டார், "தடுமாறுனதுன்னு வர்றத மத்த புள்ளைக பாப்பாகளா?" அதை நாங்கள் யோசித்திருக்கவில்லை. ஆசிரியர் திரையில் எல்லாப் பிள்ளைகளையும் வரிசைப்படுத்திக் காட்டும் பக்கம் ஒன்று இருந்தது, வகுப்பில் அந்த போன் மேசைமேல்தான் கிடக்கும். அன்று ராத்திரியே அந்தப் பக்கத்தை எடுத்துவிட்டு, ஒரு நேரத்தில் ஒரு பிள்ளையின் விவரம் மட்டும் திறக்கும்படி மாற்றினோம். தாளில் ஒரு வரியும் சேர்த்தோம்: "மற்ற பிள்ளைகளுக்குத் தெரியாது."

பிளே கன்சோலில் வயதுப் பிரிவு கேட்கும்போது 6–8, 9–12 இரண்டை மட்டும் தேர்ந்தெடுங்கள். உங்கள் செயலி பிள்ளைகளுக்கு மட்டுமே என்பதால் வயது கேட்கும் திரை தேவையில்லை, திறப்பவர் எல்லோரும் குழந்தை என்றே வைத்துக்கொள்ளலாம். நாடுகள் பட்டியலில் முதலில் இந்தியாவை மட்டும் விடுங்கள். வளைகுடாவில் இருக்கும் நம் பிள்ளைகளும் படிக்கட்டும் என்ற ஆசை எனக்கும் உண்டு, ஆனால் ஒவ்வொரு நாட்டைத் திறக்கும்போதும் அந்த நாட்டுக் குழந்தைச் சட்டமும் கூடவே வரும். தரவே எடுக்காத முதல் பதிப்பு நிலைத்த பிறகு, அதை மட்டும் ஒவ்வொரு நாடாகத் திறக்கலாம்.